முனை, விளிம்பு, பாதை: கோட்டுருவியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்கிரீட் கணிதத்தில் கோட்டுருவியல் அலகு தொடங்கியதும் மாணவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே அடுக்கியிருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் கீழே உள்ள ஒரே தெரு வரைபடத்தை வைத்துத்தான் பேசுகின்றன. படிக்கும் முன் அதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்: மேல் வரிசையில் A, B, C, கீழ் வரிசையில் D, E, F. எண்கள் தெருவின் நீளம், மீட்டரில்.

```
A-B 200
A-D 250
B-C 300
B-D 300
B-E 150
C-F 200
D-E 500
E-F 250
```

கிராஃப்னா x, y அச்சு போட்டு வரையிறதுதானே? இதுல அச்சே காணோமே?

பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. இங்கே கோட்டுரு என்பது இரண்டு கணங்கள்: முனைகளின் கணம் V, விளிம்புகளின் கணம் E. ஒவ்வொரு விளிம்பும் எந்த இரு முனைகளை இணைக்கிறது என்று தெரிந்தால் போதும். வகுப்பில் வெர்டெக்ஸ், எட்ஜ் என்று சொல்வதும் இவற்றைத்தான். மேலே உள்ள வரைபடத்தில் 6 முனைகள், 8 விளிம்புகள்.

எந்த முனை எங்கே இருக்கிறது, கோடு நேராகப் போகிறதா வளைகிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. D-யைத் தாளின் மேல் மூலைக்குக் கொண்டுபோய் வரைந்தாலும் கோட்டுரு மாறாது. படம் நம் கண்ணுக்காக. கோட்டுரு அந்தப் பட்டியல்தான். ஐயம் வரும்போதெல்லாம் படத்தை விட்டுவிட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

படத்துல ரெண்டு கோடு குறுக்க வெட்டிக்குது. அந்த இடத்துல ஒரு முனை இருக்குன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. புள்ளி வைத்துப் பெயர் கொடுத்திருந்தால்தான் அது முனை. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் இரு மூலைவிட்டங்களையும் வரைந்தால் அது 4 முனைகளும் 6 விளிம்புகளும் கொண்ட முழுமைக் கோட்டுரு, K₄. நடுவில் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தை ஐந்தாவது முனையாக எண்ணினால் 5 முனைகள், 8 விளிம்புகள் கொண்ட வேறொரு கோட்டுரு கிடைக்கிறது. விடையும் மாறிவிடும்: ஒரு முனையில் வந்து சேரும் விளிம்பு நுனிகளின் எண்ணிக்கையே அதன் படி. முதலாவதில் எல்லா முனைகளின் படியும் 3, இரண்டாவதில் மூலைகளுக்கு 3, நடு முனைக்கு 4.

தெருக் கணக்கில் இதையே எளிதாகச் சரிபார்க்கலாம். மேம்பாலம் ஒரு சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப முடியாது, அதனால் அது முனை இல்லை. நாற்சந்தியில் திரும்ப முடியும், அதனால் அது முனை.

ஒரு முனையோட படியை எப்படி எண்ணணும்? லூப் இருந்தா ஒண்ணா, ரெண்டா?

அந்த முனையில் வந்து சேரும் விளிம்பு நுனிகளை எண்ண வேண்டும். நம் வரைபடத்தில் B-யைத் தொடுபவை AB, BC, BD, BE. ஆகவே B-யின் படி 4. இதேபோல D-க்கும் E-க்கும் 3, A, C, F மூன்றுக்கும் 2.

லூப் என்பது ஒரே முனையில் தொடங்கி அதிலேயே முடியும் விளிம்பு. அதன் இரண்டு நுனிகளும் அந்த முனையிலேயே இருப்பதால் படிக்கு 2 சேர்க்க வேண்டும். விளிம்புகளை எண்ணாமல் நுனிகளை எண்ணுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இதற்கென்று தனி விதி தேவைப்படாது.

படிகளோட கூட்டுத்தொகை இரட்டை எண்ணா இருந்தா அப்படி ஒரு கிராஃப் கண்டிப்பா இருக்கும்தானே? 3, 3, 3, 1-க்கு வரையவே முடியலையே?

ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நுனிகள். அதனால் எல்லாப் படிகளையும் கூட்டினால் விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு வரும். நம் வரைபடத்தில் 2 + 4 + 2 + 3 + 3 + 2 = 16, விளிம்புகள் 8. கைகுலுக்கல் தேற்றம் என்பது இதுதான். இதிலிருந்து உடனே கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு: ஒற்றைப்படி கொண்ட முனைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையே. 0, 2, 4 என்று வரலாம். 1 அல்லது 3 வராது. எண்ணிப் பார்த்து 3 வந்தால் எங்கோ ஒரு விளிம்பை விட்டுவிட்டீர்கள்.

ஆனால் கூட்டுத்தொகை இரட்டையாக இருப்பது தேவையான நிபந்தனை மட்டுமே. எளிய கோட்டுரு, அதாவது லூப்பும் ஒரே இணைக்கு இரட்டை விளிம்பும் இல்லாதது, வேண்டுமென்றால் அது போதாது. 3, 3, 3, 1-இன் கூட்டுத்தொகை 10. நான்கு முனைகளில் படி 3 உள்ள ஒரு முனை மற்ற மூன்றோடும் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி மூன்று முனைகள் இருப்பதால் நான்காவது முனைக்கு மூன்று பேரிடமிருந்தும் விளிம்பு வந்துவிடும். அதன் படி 3 ஆகிவிடும், 1 ஆக இருக்க வழியில்லை. இணை விளிம்புகளை அனுமதித்தால் இதையே வரையலாம். கேள்வியில் ‘எளிய’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடை, தடம், பாதை மூணும் ஒரே மாதிரிதான் தெரியுது. எதை வச்சுப் பிரிக்கிறது?

எது திரும்ப வரலாம் என்பதை வைத்து. நடையில் எதுவும் திரும்ப வரலாம். தடத்தில் விளிம்பு திரும்பக் கூடாது, முனை திரும்பலாம். பாதையில் முனையே திரும்பக் கூடாது; முனை திரும்பாவிட்டால் விளிம்பும் திரும்பாது.

A-யிலிருந்து C-க்கு மூன்று விதமாகப் போய்ப் பாருங்கள். A-B-D-B-C என்பது நடை மட்டுமே. BD இரண்டு முறை வந்துவிட்டது. A-B-D-E-B-C தடம், B இருமுறை வந்தாலும் எந்த விளிம்பும் திரும்பவில்லை. A-B-C பாதை. தொடங்கிய இடத்திலேயே முடியும் தடத்தைச் சுற்று என்கிறோம். அந்தச் சுற்றில் தொடக்க முனையைத் தவிர வேறு எதுவும் திரும்ப வராவிட்டால் அது வட்டம்: B-D-E-B போல.

ஓர் எச்சரிக்கை. சில பாடநூல்கள் நடையையே பாதை என்று சொல்லிவிட்டு, இங்கே பாதை என்று சொன்னதை ‘எளிய பாதை’ என்கின்றன. உங்கள் பல்கலைக்கழகப் பாடநூலின் வரையறை எதுவோ அதைத் தேர்வில் முதல் வரியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குவது பாதுகாப்பு.

அடுத்துள்ளமை அணியை மூணு தடவை பெருக்கினா D-யிலிருந்து E-க்கு 6 வருது. ஆனா மூணு விளிம்புல போற பாதை ஒண்ணுதானே இருக்கு?

இரண்டும் சரி. இரு முனைகளுக்கிடையே விளிம்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எழுதிய அடுத்துள்ளமை அணி M என்றால் M³ எண்ணுவது நீளம் 3 உள்ள நடைகளை. அந்த ஆறும் இவை:

```
D-A-B-E
D-A-D-E
D-B-D-E
D-E-B-E
D-E-D-E
D-E-F-E
```

முதலாவதில் மட்டும்தான் முனை திரும்பவில்லை, ஆகவே பாதை ஒன்று. எந்த அடுக்கு எடுத்தாலும் கதை இதேதான்: அணிப் பெருக்கலுக்கு ‘ஏற்கெனவே வந்த முனை’ என்ற நினைவு கிடையாது. M²-இன் மூலைவிட்டத்தில் எளிய கோட்டுருவுக்குப் படிகள் வருவதும் இதனால்தான். B-யிலிருந்து அடுத்த முனைக்குப் போய் உடனே திரும்பி வர நான்கு வழிகள். B-யின் படியும் 4.

கையை எடுக்காம, ஒரு கோட்டையும் ரெண்டு தடவை போடாம வரைய முடியுமான்னு வரையாமலே எப்படிச் சொல்றது?

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, விளிம்புகள் எல்லாம் ஒரே இணைந்த பகுதியில் இருக்கின்றனவா? இரண்டு, ஒற்றைப்படி முனைகள் எத்தனை? 0 என்றால் எங்கு தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். இது ஆய்லர் சுற்று. 2 என்றால் அவற்றில் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில்தான் முடிக்க முடியும். இது ஆய்லர் தடம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் முடியாது.

காரணம் சிறியது. தடம் ஒரு முனையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வர ஒரு விளிம்பு, வெளியே போக ஒரு விளிம்பு என இரண்டைச் செலவழிக்கிறது. ஆகவே நடுவில் கடக்கப்படும் முனையின் படி இரட்டையாக இருந்தாக வேண்டும். தொடக்கத்தில் வெளியேறுவதும் முடிவில் உள்ளே வருவதும் மட்டுமே ஜோடியில்லாதவை. அந்த இரண்டு இடங்களில் மட்டும் ஒற்றைப்படி வரலாம்.

இணைந்திருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையை எழுதாமல் விடுவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. ஒன்றையொன்று தொடாத இரு முக்கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படியும் 2. இருந்தும் கையை எடுக்காமல் இரண்டையும் வரைய முடியாது.

கோனிக்ஸ்பெர்க் பாலக் கணக்குல ஒற்றைப்படி முனை எத்தனை? இப்பவும் அந்த ஊர்ல முடியாதா?

பிரேகெல் ஆற்றங்கரையில் இருந்த அந்த நகரில் வடகரை N, தென்கரை S, நைப்ஹோஃப் தீவு K, கிழக்கு நிலம் L என நான்கு நிலப்பகுதிகள், அவற்றை இணைக்க ஏழு பாலங்கள். K-யிலிருந்து N-க்கு இரண்டு, S-க்கு இரண்டு, L-க்கு ஒன்று. L-இலிருந்து N-க்கு ஒன்று, S-க்கு ஒன்று. படிகள் K-க்கு 5, மற்ற மூன்றுக்கும் 3. நான்குமே ஒற்றை என்பதால் ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை மட்டும் கடந்து வரும் உலா கிடையாது. லியோனார்டு ஆய்லர் 1735-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் இதை முன்வைத்தார். கட்டுரை 1741-இல் அச்சானது. நிபந்தனை நிறைவேறினால் தடம் நிச்சயம் உண்டு என்ற மறுபாதியின் முழு நிரூபணம் கார்ல் ஹியர்ஹோல்ட்ஸருடையது. அவர் இறந்த பிறகு 1873-இல் வெளிவந்தது.

நகரத்தின் இன்றைய பெயர் கலினின்கிராட், ரஷ்யாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இரண்டு பாலங்கள் போயின: K-யையும் N-ஐயும் இணைத்தவற்றில் ஒன்று, K-யையும் S-ஐயும் இணைத்தவற்றில் ஒன்று. பழைய ஏழு இடங்களில் பாலம் உள்ள ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் படிகள் K-க்கு 3, L-க்கு 3, N-க்கு 2, S-க்கு 2. இப்போது ஆய்லர் தடம் உண்டு, ஆனால் தீவில் தொடங்கிக் கிழக்கு நிலத்தில் முடிக்க வேண்டும், அல்லது மறுதலையாக. வீட்டில் தொடங்கி வீட்டுக்கே திரும்பும் சுற்று இன்றும் இல்லை.

படியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வரைய ஆரம்பிச்சா பாதியில மாட்டிக்கிறேன். எங்க தப்பு?

தப்பு எதுவும் இல்லை. தடம் உண்டு என்பதன் பொருள் எப்படிப் போனாலும் கிடைக்கும் என்பதல்ல. மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து திருத்தும் முறைதான் மேலே சொன்ன ஹியர்ஹோல்ட்ஸரின் நிரூபணமே.

நம் வரைபடத்தில் ஒற்றைப்படி D-க்கும் E-க்கும். D-யில் தொடங்கி D-E-F-C-B-E என்று போனால் E-யின் மூன்று விளிம்புகளும் தீர்ந்துவிடும், அங்கேயே நின்றுவிடுவீர்கள். மிச்சம் AB, AD, BD. இந்த மிச்சத்தில் எல்லா முனைகளின் படியும் இரட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். வரைந்துவிட்ட தடம் ஒற்றைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வரைந்த தடமும் மிச்சமும் சந்திக்கும் ஒரு முனையை எடுங்கள், B என்று வைப்போம். அங்கிருந்து மிச்சத்தில் ஒரு சுற்று: B-A-D-B. பழைய தடத்தில் B வந்த இடத்தில் இந்தச் சுற்றைச் செருகினால் D-E-F-C-B-A-D-B-E. எட்டு விளிம்புகளும் ஒருமுறை வந்துவிட்டன.

பெரிய கோட்டுருவில் மிச்சம் தீரும் வரை இந்தச் செருகலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பென்சிலால் அழித்து அழித்து முயல்வதைவிட இது எவ்வளவோ வேகம். விடைத்தாளில் இந்த இரண்டு கட்டத்தையும் காட்டினால் முறை தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

சிக்குக் கோலமும் கையெடுக்காம போடுறதுதானே? அதுல புள்ளிங்கதான் முனைகளா?

இல்லை. சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகிறது. முனைகள் இழை தன்னையோ இன்னோர் இழையையோ வெட்டும் இடங்கள். மேம்பாலத்தைப் போல இல்லாமல் இங்கே வெட்டுமிடத்தை நாமே முனையாகத் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு வெட்டுமிடத்திலும் நான்கு நுனிகள் சேர்வதால் எல்லாப் படியும் 4. ஆக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எந்தச் சிக்குக் கோலத்துக்கும் ஆய்லர் சுற்று உண்டு.

அப்படியானால் சில கோலங்களுக்கு ஏன் இரண்டு மூன்று இழைகள் தேவைப்படுகின்றன? கோலத்தில் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது: வெட்டுமிடத்தில் இழை நேராகக் கடந்து போக வேண்டும், திரும்பக் கூடாது. ஆய்லரின் தேற்றம் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு வளையங்கள் P, Q என்ற இரு இடங்களில் வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். P-க்கும் Q-க்கும் இடையே நான்கு வில்கள், அவையே நான்கு இணை விளிம்புகள். இடது வெளிவில்லில் P-யிலிருந்து Q-க்குப் போய், வலது வெளிவில்லில் P-க்குத் திரும்பி, பிறகு ஓர் உள்வில்லில் போய் மற்ற உள்வில்லில் வந்தால் கையெடுக்காமல் நான்கும் முடிந்துவிடும். ஆனால் வெட்டுமிடத்தில் நேராகவே போனால் ஒரு வளையம்தான் வரும். இரண்டாவதுக்குக் கையை எடுத்தே ஆக வேண்டும். ஒற்றை இழைக் கோலமா என்று பார்க்கப் படிகளை எண்ணிப் பயனில்லை, இழையை நேராகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

குறுகிய பாதைன்னா விளிம்பு குறைவா இருக்கறதுதானே? அப்புறம் எதுக்கு டைக்ஸ்ட்ரா?

எல்லா விளிம்பின் எடையும், அதாவது இங்கே தெருவின் நீளமும், ஒன்றே என்றால் விளிம்புகளை எண்ணினால் போதும். எடை வேறுபட்டால் போதாது. D-யிலிருந்து E-க்கு நேராக ஒரே விளிம்பு, 500 மீட்டர். D-B-E இரண்டு விளிம்புகள், ஆனால் 450 மீட்டர்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறையை D-யிலிருந்து ஓட்டிப் பார்ப்போம். D-க்கு 0. அதன் அண்டை முனைகளுக்குத் தற்காலிக மதிப்புகள்: A 250, B 300, E 500. இவற்றில் சிறியது A, அதை 250 என்று உறுதி செய்கிறோம். A வழியாக B-க்கு 450 ஆகும், இருக்கும் 300-ஐவிட அதிகம் என்பதால் மாற்றமில்லை. அடுத்துச் சிறியது B, 300 உறுதி. B வழியாக E 450 ஆகக் குறைகிறது, C-க்கு 600 கிடைக்கிறது. அடுத்து E, 450 உறுதி, F-க்கு 700. அடுத்து C, 600 உறுதி. C வழியாக F-க்கு 800, வேண்டாம். கடைசியில் F, 700.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, E-க்கு 500 எழுதியதுமே அதை உறுதியானதாக எடுத்துக்கொள்வது. தற்காலிக மதிப்புகளில் எது மிகச் சிறியதோ அதை மட்டுமே, ஒரு தடவைக்கு ஒன்றாக, உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி செல்லுபடியாவதற்குக் காரணம், மற்ற முனைகள் ஏற்கெனவே அதைவிடத் தொலைவில் இருப்பதால் அவற்றைச் சுற்றி வந்தால் தூரம் குறையாது என்பதே. பூச்சியத்துக்கும் கீழான குறை எடை உள்ள விளிம்பு ஒன்று இருந்தாலும் இந்தக் காரணம் உடைந்துபோகும். அங்கே டைக்ஸ்ட்ராவை நம்பக் கூடாது.

குப்பை வண்டி எல்லாத் தெருவுக்கும் போய்ட்டு ஷெட்டுக்குத் திரும்பணும். ஆய்லர் சுற்று இல்லைன்னா என்ன பண்றது?

சில தெருக்களில் இரண்டாம் முறை போக வேண்டியதுதான். எவற்றில் என்பதே கேள்வி. சீனக் கணிதவியலர் குவான் மெய்-கோ 1960-இல் எழுதிய இந்தக் கணக்குக்குச் சீன அஞ்சல்காரர் கணக்கு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றைப்படி முனைகள் இரண்டே என்றால் செய்முறை எளிது: அவற்றுக்கிடையே குறுகிய பாதையைக் கண்டுபிடித்து, அதன் விளிம்புகளை இரட்டிப்பாக்குங்கள். நடு முனைகளின் படி 2 கூடும், இரு முனைகளின் ஒற்றை இரட்டையாகும்.

ஷெட் A-யில் இருப்பதாகக் கொள்வோம். எட்டுத் தெருக்களின் மொத்த நீளம் 2150 மீட்டர். D-க்கும் E-க்கும் இடையே குறுகிய பாதை முந்தைய பதிலில் கண்ட D-B-E, 450 மீட்டர். BD, BE இரண்டையும் இரட்டிப்பாக்கினால் A-B-E-D-B-C-F-E-B-D-A என்ற சுற்று கிடைக்கிறது, மொத்தம் 2600 மீட்டர். படத்தைப் பார்த்தவுடன் DE-யை இரட்டிப்பாக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் 2650. வண்டி D-யில் தொடங்கி E-யில் நிற்கலாம் என்று அனுமதி இருந்தால் எதையும் இரட்டிப்பாக்க வேண்டாம், 2150-தான்.

ஒற்றைப்படி முனை நாலு இருந்தா எந்த ரெண்டை இணைக்கணும்?

எல்லா ஜோடி சேர்ப்புகளையும் ஒப்பிட வேண்டும். A-யிலிருந்து F-க்கு 700 மீட்டரில் புதுத் தெரு ஒன்று போட்டுவிட்டார்கள் என்று வைப்போம். A, F இரண்டும் ஒற்றையாகின்றன. இப்போது A, D, E, F என நான்கு. ஜோடி சேர்க்க மூன்றே வழிகள். AD-யும் EF-உம்: 250 + 250 = 500. AE-யும் DF-உம்: 350 + 700 = 1050. AF-உம் DE-யும்: 600 + 450 = 1050. முதலாவதுதான் குறைவு; மொத்தம் 2850 + 500 = 3350 மீட்டர். மூன்றாவது வழியில் AF-க்கு 700 போடாமல் 600 போட்டதைப் பாருங்கள்: புதுத் தெருவைவிட A-B-E-F குறுகியது.

நான்குக்கு மூன்று வழி, ஆறுக்கு 15, எட்டுக்கு 105. தேர்வில் நான்கைத் தாண்டிக் கேட்பது அரிது. நிஜ நகரங்களில் ஒற்றைப்படிச் சந்திகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அங்கே எல்லா வழியையும் எண்ணாமல், ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் தந்த பொருத்தல் வழிமுறையைக் கணினியில் பயன்படுத்துவார்கள்.

ஆய்லர் சுற்று இருந்தா ஹாமில்டன் வட்டமும் இருக்குமா?

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆய்லருக்கு எல்லா விளிம்பும் ஒருமுறை. ஹாமில்டனுக்கு எல்லா முனையும் ஒருமுறை. நம் வரைபடத்தில் A-B-C-F-E-D-A என்ற ஹாமில்டன் வட்டம் இருக்கிறது, ஆய்லர் சுற்று இல்லை. ஒரே முனையைப் பகிரும் இரு முக்கோணங்களில் ஆய்லர் சுற்று இருக்கிறது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் திரும்பவும் அந்தப் பொது முனையை இருமுறை மிதிக்க வேண்டியிருப்பதால் ஹாமில்டன் வட்டம் இல்லை.

படிகளை எண்ணி உடனே சொல்லும் விதி ஹாமில்டனுக்குக் கிடையாது. ‘இல்லை’ என்று காட்ட வேண்டுமென்றால் படி 2 உள்ள முனைகளில் தொடங்குங்கள். அவற்றின் இரு விளிம்புகளும் வட்டத்தில் கட்டாயம் வந்தாக வேண்டும்; அவற்றைக் குறித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் எங்கோ ஒரு முனையில் மூன்று கட்டாய விளிம்புகள் சேர்ந்து முரண்பாடு தெரிந்துவிடும்.

தெருவெல்லாம் ஒருவழின்னா படி இரட்டையா இருந்தா போதுமா?

போதாது. திசை உள்ள கோட்டுருவில் ஒவ்வொரு முனைக்கும் உள்வரும் படியும் வெளிச்செல்லும் படியும் சமமாக இருக்க வேண்டும். A→B, A→D, B→D என்று மூன்று ஒருவழித் தெருக்கள் இருந்தால் மொத்தப் படி எல்லா முனைக்கும் 2. ஆனால் A-யிலிருந்து இரண்டு வெளியே போகின்றன, உள்ளே எதுவும் வரவில்லை. அங்கிருந்து கிளம்பிய வண்டி திரும்பி வரவே முடியாது. AD-யின் திசையை மட்டும் D→A என்று மாற்றினால் எல்லா முனையிலும் 1 உள்ளே, 1 வெளியே. A-B-D-A என்ற சுற்று உடனே கிடைத்துவிடுகிறது.

தொடக்கமும் முடிவும் வேறாக இருக்கலாம் என்றால், தொடங்கும் முனையில் வெளிச்செல்வது ஒன்று அதிகம், முடியும் முனையில் உள்வருவது ஒன்று அதிகம், மற்ற எங்கும் சமம் என்று இருக்க வேண்டும். விளிம்புகள் ஒரே இணைந்த பகுதியில் இருக்க வேண்டும் என்பது இங்கேயும் அப்படியே பொருந்தும்.